வாராந்தச் சுகாதாரக் குறிப்பு: சிறு கிளினிக்குகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கிளினிக்கிலிருந்து வாரம் ஒரு சுகாதாரக் குறிப்பை வட்ஸ்அப்பிலும் வாசல் பலகையிலும் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பெரும்பாலான பதில்களுக்கு ஒரே உதாரணத்தையே எடுத்திருக்கிறோம்: மாரி மழை தொடங்கும்போது போக வேண்டிய காய்ச்சல் குறிப்பு. சரிபார்க்காமல் போனால் அதிகம் கெடுதல் செய்யக்கூடிய குறிப்பும் அதுதான்.

கிழமைக்கு ஒரு குறிப்புத்தானே, அண்டைக்கு அண்டைக்கே எழுதிப் போட்டா என்ன?

எழுத நேரம் கிடைக்கும், பார்க்க நேரம் கிடைக்காது. மார்கழி, தை மாதங்களில் காய்ச்சல்காரர் வாசல் வரை நிற்கும்போது, டொக்டரிடம் போனை நீட்டி "இது சரிதானே சேர்?" என்று கேட்டால் அவர் முதல் வரியைப் பார்த்துத் தலையாட்டுவார். அதைச் சரிபார்த்தல் என்று சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. குறிப்பு நோய்க்கு முன்னால் போக வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசியில் மழை தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் ஊற்றும். டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் பட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். ஆகவே தண்ணீர் தேங்கும் இடங்களைப் பற்றிய குறிப்பு ஒக்டோபர் கடைசிக்குள்ளும், காய்ச்சல் குறிப்பு நவம்பர் முதல் பாதிக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். வாட்டில் கட்டில் நிரம்பிய பிறகு எழுதத் தொடங்கினால் ஒரு மாதம் பிந்திவிட்டோம்.

அப்ப ஒரு வருசத்துக்குச் சேர்த்து எழுதி நேரம் வெச்சு விட்டா வேலை முடிஞ்சுதே?

தலைப்புகளை ஒரு வருடத்துக்குப் போட்டு வையுங்கள். வசனத்தை நாலு கிழமைக்கு மேல் முன்னால் பூட்டி வைக்காதீர்கள்.

தலைப்பு அட்டவணை ஊரின் பருவத்தோடு போக வேண்டும். பெரும்போக விதைப்பில் எலிக்காய்ச்சல், மழையில் டெங்கு, வெள்ளத்துக்குப் பிறகு கிணறும் வயிற்றோட்டமும், மாசி பங்குனி அறுவடையில் தூசியும் கண்ணும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் உடம்பு நீர் குறைதலும். வசனத்துக்கு நாங்கள் சொல்லும் ஓட்டம் இப்படி: போகும் நாளுக்கு நாலு கிழமை முன்னால் எழுத்து, இரண்டு கிழமை முன்னால் சரிபார்ப்பு, ஒரு கிழமை முன்னால் பூட்டு, போகும் நாள் காலையில் ஐந்து நிமிடப் பார்வை. பூட்டிய பிறகு ஒரு சொல்லை மாற்றினாலும் சரிபார்த்தவர் மறுபடி பார்க்க வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் ஒரு எச்சரிக்கை வரியைச் சுருக்கும்போதுதான் பிழை நுழையும்.

நாளைத் தெரிவு செய்யும்போது, அடுத்த நாள் கிளினிக் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு போன இரவும் மறுநாள் காலையும்தான் ஆட்கள் கேள்வியோடு வருவார்கள். சனி இரவும் போயாவுக்கு முதல் நாளும் உதவாது.

ஆர் எழுதுற, ஆர் பார்க்கிற? எங்கட கிளினிக்கில ஒரு டொக்டர், ஒரு மிஸ், மருந்து குடுக்கிற பிள்ளை ஒராள், அவ்வளவுதான்.

மூன்று பேர் போதும். எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் கட்டாயம். மிஸ் எழுதி டொக்டர் பார்ப்பது நல்ல ஒழுங்கு. நோயாளர்கள் எதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பது மிஸ்ஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த வசனம் யாருக்கு ஆபத்தாகும் என்பது டொக்டருக்குத் தெரியும். டொக்டரே எழுதினால், தான் எழுதியதில் விட்டுப்போனது அவர் கண்ணுக்குத் தெரியாது. அப்போது பக்கத்து ஊர் டொக்டர் ஒருவரிடம் அனுப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் வரும் குறிப்பை ஒரு பாமசிஸ்டும், கர்ப்பிணி பற்றியதை மருத்துவிச்சியும், கிணறு, நுளம்பு, எலி பற்றியதைப் பி.எச்.ஐ.யும் பார்த்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, மருத்துவம் தெரியாத ஒருவர் வாசிக்க வேண்டும். கூட்டித் துடைக்க வருகிற அக்காவாக இருக்கலாம், வாசலில் ஓட்டோ நிறுத்தியிருப்பவராக இருக்கலாம். "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "இத வாசிச்சிட்டு உங்கட வீட்டில நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் செயல் நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டால் வசனம் பிழை.

பார்க்கிறதெண்டா என்னத்தைப் பார்க்கிற? எழுத்துப் பிழையா?

எழுத்துப் பிழை கடைசி. சரிபார்ப்பவர் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இதை அப்படியே நம்பிச் செய்கிறவர்களில் யாருக்குக் கெடுதல் வரும்? இந்த வரைவைப் பாருங்கள். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது.

> காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். பனடோல் இரண்டு போட்டு, தண்ணீர் நிறையக் குடித்து ஓய்வெடுங்கள். டெங்கு என்று சந்தேகம் இருந்தால் இரத்தம் சோதியுங்கள். காய்ச்சல் விட்டதும் வழமைபோல வேலைக்குப் போகலாம்.

"பனடோல் இரண்டு" யாருக்கு? 38 கிலோ அம்மம்மாவுக்கும் 70 கிலோ மகனுக்கும் ஒரே அளவு இல்லை. எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது என்றும் இல்லை. உடம்பு உளைவு தாங்காமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டு, தடிமன் குளிசையும் சேர்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் இருக்கிறது. அளவு மீறினால் ஈரல் பழுதாகும்.

"தண்ணீர் நிறைய" என்பது வெறும் தண்ணீரை மட்டும் குடிக்கச் சொல்கிறது. காய்ச்சல்காரருக்கு உப்பும் சீனியும் உள்ள நீராகாரம் வேண்டும். அதோடு, தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் இதயம் பலவீனமானவருக்கும் இந்த வசனம் நேரடியான ஆபத்து.

"இரத்தம் சோதியுங்கள்" எப்போது? முதல் நாளே எஃப்.பி.சி. எடுத்தால் பெரும்பாலும் எண்கள் நன்றாகவே இருக்கும். அந்தத் துண்டைப் பார்த்து "டெங்கு இல்லை" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வெள்ளை அணுவும் பிளேட்லெட்டும் இறங்குவது பிந்தித்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது கடைசி வசனம். டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம், பலருக்கும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். உடம்பு குளிர்ந்துவிட்டது, சுகமாகிவிட்டது என்று ஆள் எழும்பி வேலைக்குப் போகும் அந்த நாளில்தான் ஆசுபத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும். வரைவு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

அப்ப திருத்தின குறிப்பு எப்படி வரும்?

இப்படி வரலாம். உங்கள் டொக்டர் பார்த்து மாற்ற வேண்டியதை மாற்றட்டும்.

> காய்ச்சல்: மூன்றாம் நாளைத் தவறவிடாதீர்கள்
>
> காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வையுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் டொக்டரிடம் வந்து எஃப்.பி.சி. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீண்டகால நோய் உள்ளவர்கள் முதல் நாளே வாருங்கள். வயல் சேற்றில் இறங்கியவர்கள் அதையும் சொல்லுங்கள்.
>
> காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் (பனடோல்) மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவர்: 500 மி.கி. குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை; 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். மெலிந்தவர்கள், பிள்ளைகள், ஈரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டு எடுங்கள். புரூபன், டைக்ளோபினாக், மெபனமிக், அஸ்பிரின் வலிக் குளிசை வேண்டாம்.
>
> பெரியவர் ஒரு நாளில் சுமார் இரண்டரை லீற்றர் நீராகாரம்: கஞ்சி, இளநீர், சூப், ஜீவனி. தண்ணீர் அளந்து குடிப்பவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.
>
> கடும் வயிற்று வலி, நிற்காத சத்தி, இரத்தக் கசிவு, கறுப்பு மலம், கை கால் குளிர்தல், எழும்ப முடியாத சோர்வு, ஆறு மணித்தியாலம் சலம் போகாமை: காய்ச்சல் விட்டிருந்தாலும் உடனே ஆசுபத்திரி. அம்புலன்ஸ் 1990.
>
> 2 கிழமைக்கு முன் டொக்டர் சரிபார்த்தது. இந்த மழைக் காலத்துக்கு மட்டும்.

இரண்டரை லீற்றர் என்பது 50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவருக்கு. அதற்குக் குறைந்தவருக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லி என்று கணக்கு. 40 கிலோ என்றால் இரண்டு லீற்றர். பீட்ரூட் சாறு, சிவப்புச் சோடா, கோப்பி போன்றவற்றை அந்த நாட்களில் விட்டுவிடச் சொல்லலாம். சத்தி எடுத்தால் அது குடித்ததா இரத்தமா என்று பிரித்தறிய முடியாது.

படுவான்கரைப் பக்கத்துக் கிளினிக்காக இருந்தால் இன்னும் ஒரு வரி வேண்டும். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் வெள்ளம் ஏறினால் பாதை அடைபடும். "உடனே ஆசுபத்திரி" என்று எழுதிவிட்டால் போதாது. "மழை கடுமையாக இருந்தால், மூன்றாம் நாள் பகல் வெளிச்சத்திலேயே புறப்படுங்கள், இரவு வரை பார்த்திருக்க வேண்டாம்" என்று போடுங்கள்.

குறிப்பு நீண்டு போச்சே, ஆர் வாசிப்பாங்க?

நீளம் குறைய வேண்டுமென்றால் விசயத்தைக் குறையுங்கள், எச்சரிக்கையைக் குறைக்காதீர்கள். மேலே உள்ள குறிப்பில் நுளம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது வேறொரு கிழமைக்கு. அதுவும் நீளம் என்றால் இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு கிழமை மூன்றாம் நாளும் ஆபத்து அடையாளமும், மற்றக் கிழமை குளிசையும் நீராகாரமும். ஆனால் "மெலிந்தவர்கள், பிள்ளைகள்" என்ற வரியை எடுத்துவிட்டுக் குளிசை அளவை மட்டும் விடக் கூடாது. ஒரு செயலும் அதற்குரிய எச்சரிக்கையும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்கள் பந்தியைத்தான் வெட்டி அனுப்புகிறார்கள். படமாகப் போட்டால் எச்சரிக்கையும் அதே படத்துக்குள் இருக்கட்டும்.

கண் தெரியாதவர்களுக்கும் வாசிக்கக் கஷ்டப்படுபவர்களுக்கும் குரல் பதிவாகவும் அனுப்பலாம். பூட்டிய வசனத்தைப் பார்த்து அப்படியே வாசியுங்கள். கதைத்துக்கொண்டு போனால் சரிபார்க்காத ஒரு வசனம் எப்படியும் வந்து விழும்.

பிள்ளைக்கு சிரப் எத்தனை மில்லி எண்டு ஏன் போடல்ல? எல்லாத் தாய்மாரும் அதைத்தான் கேக்காங்க.

பிள்ளையின் அளவு நிறையைப் பொறுத்தது, மில்லி போத்தலைப் பொறுத்தது. ஒரு முறைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்று கணக்கு. 12 கிலோப் பிள்ளைக்கு 120 முதல் 180 மி.கி. போத்தலில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்று இருந்தால் அது 5 முதல் 7.5 மில்லி. அதே பிள்ளைக்கு, 5 மில்லிக்கு 250 மி.கி. உள்ள போத்தலிலிருந்து 7.5 மில்லி கொடுத்தால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு போத்தலும் ஒரே நிறமாக, ஒரே இனிப்பாக இருக்கலாம். குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் செறிவு கூடியது. ஒரு மில்லிக் கணக்கை எல்லாருக்கும் பொதுவாக அனுப்பினால், அதைப் பின்பற்றுகிற தாய் கையில் எந்தப் போத்தல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பதில் இப்படி ஒரு குறிப்புப் போடலாம்: "போத்தலையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். நிறை பார்த்து அளவைப் போத்தலின் மேலேயே எழுதித் தருகிறோம். போத்தலோடு வரும் அளவுக் கோப்பையால் கொடுங்கள். தேத்தண்ணிக் கரண்டியால் வேண்டாம்." ஒரு துண்டு பிளாஸ்டரும் பேனையும் கவுன்ரரில் இருந்தால் வேலை முடிந்தது.

அஸ்பிரின் கூடாதெண்டு போட்டா, இருதயத்துக்கு அஸ்பிரின் போடுறவர் நிப்பாட்டிருவாரே?

நிப்பாட்டுவார். சரிபார்ப்பில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். அதனால்தான் மேலே "அஸ்பிரின் வலிக் குளிசை" என்று எழுதினோம். அதுவும் போதாது என்று நினைத்தால், நெஞ்சு வருத்தக்காரர்கள் நிறையப் பேர் வரும் கிளினிக்கில் ஒரு வரி கூட்டுங்கள்: "இருதயத்துக்கோ பாரிசவாதத்துக்கோ தினமும் அஸ்பிரின், குளோபிடோகிரல் எடுப்பவர்கள் தாமாக நிறுத்த வேண்டாம், காய்ச்சல் வந்த அன்றே வந்து கேளுங்கள்."

ஸ்டென்ற் வைத்தவர் தானாக இவற்றை நிறுத்தினால் அந்தக் குழாய் அடைபடலாம். டெங்குவில் தொடர்ந்து எடுத்தால் இரத்தம் கசியலாம். எது பெரிய ஆபத்து என்பதை அந்த நோயாளியின் எண்களைப் பார்த்து டொக்டர்தான் முடிவெடுக்க முடியும். ஆகவே குறிப்பு "எடு" என்றும் சொல்லக் கூடாது, "நிறுத்து" என்றும் சொல்லக் கூடாது. "அன்றே வா" என்று சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்று முடியும் ஒவ்வொரு வரிக்கும், அதையே மருந்தாக எடுப்பவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். "உப்பைக் குறையுங்கள்" என்பதற்கும் வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைப்பவர் இருக்கிறார்.

பப்பாசி இலைச் சாறு பற்றி ஏன் ஒண்டும் போடுறல்ல? போடாட்டி ஆட்கள் வேற இடத்தில வாசிப்பாங்கதானே.

போடுங்கள், ஆனால் பார்த்துப் போடுங்கள். டெங்குவில் உயிரைக் காப்பது நேரத்துக்கு இரத்தம் பார்ப்பதும், கசியும் கட்டத்தில் நீரை அளந்து கொடுப்பதும்தான். சாறு அந்த இரண்டையும் செய்யாது. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் துரத்துவதால் ஆட்கள் கசிவைக் கவனிக்காமல் விடுகிறார்கள். சாறு கடும் கசப்பு. ஏற்கனவே குமட்டலில் இருப்பவர் சத்தி எடுத்தால், குடித்த கஞ்சியும் வெளியே போகும்.

திட்டி எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். "பப்பாசிச் சாற்றை நம்பி மூன்றாம் நாளைக் கடத்த வேண்டாம். கொத்தமல்லி அவித்த தண்ணி, கஞ்சி, இளநீர் என்பவற்றைக் குடிக்கலாம்; அவை நீராகாரக் கணக்கில் சேரும்" என்று எழுதுங்கள். வீட்டில் அம்மா செய்து தருவதில் நல்லதை முதலில் சொன்னால் மற்றதையும் கேட்பார்கள்.

எலிக்காய்ச்சலுக்குக் கிழமைக்கு ரெண்டு குளிசை எண்டு எல்லாருக்கும் தெரியும். அதைக் குறிப்பில போடலாமா?

அளவைப் போட வேண்டாம், எங்கே கிடைக்கும் என்பதைப் போடுங்கள். வயலில் இறங்குபவர்களுக்குக் கொடுப்பது டொக்சிசைக்கிளின். ஆபத்து உள்ள காலத்தில் கிழமைக்கு ஒரு முறை 200 மி.கி. என்பது வழமை. அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் பி.எச்.ஐ. பெயர் எழுதிக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அது ஆகாது. பாலூட்டும் தாய் டொக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிப் படுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கும். பாலோடும் வயிற்றெரிவு மருந்தோடும் எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. "ரெண்டு குளிசை" என்று வட்ஸ்அப்பில் போனால், வயலுக்குச் சோறு கொண்டு போகிற கர்ப்பிணியும் புருசனுடைய குளிசையில் இரண்டை எடுத்துப் போடுவார்.

"பெரும்போகத்துக்கு வயலில் இறங்கும் முன் உங்கள் பி.எச்.ஐ.யிடம் பெயரைப் பதியுங்கள். குளிசை எடுத்தாலும் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு வந்தால் அன்றே காட்டுங்கள்" என்று எழுதுங்கள். இரண்டாம் வசனம் முக்கியம். குளிசை எடுத்தவர் தனக்கு இனி வராது என்று நினைத்து வீட்டில் கிடப்பதுதான் பெரிய ஆபத்து.

நோன்பு, கதிர்காமப் பாதயாத்திரை இதுகளுக்கும் முன்னமே நேரம் வைக்கலாமா? திகதி மாறுமே.

வசனத்தை முன்னமே சரிபார்த்து வையுங்கள். அனுப்பும் திகதியைக் கையால் போடுங்கள். ரமழான் வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும், தொடக்கம் பிறையைப் பொறுத்தது. நீரிழிவுக்காரருக்கான குறிப்பு தலைப்பிறை அன்று போய்ப் பயனில்லை. இன்சுலின், கிளிக்லசைட் போன்றவற்றின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும், அதற்கு டொக்டரைப் பார்க்க நாள் வேண்டும். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கக் கிளினிக்குகள் ஆறு கிழமைக்கு முன்னால் "நோன்புக்கு முன் மருந்தைக் காட்டுங்கள்" என்று ஒன்றும், நோன்பு தொடங்கும் கிழமை "சீனி 70க்குக் கீழ் இறங்கினால் நோன்பைத் திறவுங்கள்" என்று ஒன்றும் போடலாம். இரண்டாவதை டொக்டரோடு ஒரு மௌலவியும் பார்த்துச் சம்மதித்தால், அதைச் செய்பவர்கள் கூடுவார்கள்.

பாதயாத்திரைக்கும் அப்படியே. உகந்தையால் காட்டுக்குள் இறங்கிய பிறகு குறிப்பு போனால் வாசிக்கச் சிக்னல் இருக்காது. கால் விறைப்புள்ள நீரிழிவுக்காரர் வெறுங்காலில் நடக்க வேண்டாம், இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது, புறப்படுவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்னால் போக வேண்டும்.

நேரம் வெச்சு விட்டது வெள்ளத்தண்டு தானாப் போயிட்டா?

அதற்குத்தான் காலையில் ஐந்து நிமிடப் பார்வை. அன்று காலை வானிலை அறிவிப்பையும் ஊர் நிலைமையையும் பார்த்து "போகலாம்" என்று ஒருவர் சொல்லாவிட்டால் குறிப்பு போகக் கூடாது. பேஸ்புக் பக்கத்தில் நேரம் வைத்தது தானாகவே போய்விடும். ஆகவே அதை நிறுத்தும் அனுமதி இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவருடைய வீட்டில் கரண்ட் இல்லாத நாள்தான் நிறுத்த வேண்டிய நாளாக இருக்கும். புயல் எச்சரிக்கை நாளில் "மாலையில் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடவுங்கள்" என்று ஒன்று போனால், அடுத்த கிழமை நீங்கள் எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள்.

சரிபார்த்த ஒரு வெள்ளக் குறிப்பை எப்போதும் தயாராக வைத்திருங்கள்: கொதித்தாறிய தண்ணீர், ஜீவனி கரைக்கும் விதம் (ஒரு பக்கெற் முழுவதும் ஒரு லீற்றருக்கு, 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்), பாம்பு கடித்தால் கட்டாமல் வெட்டாமல் ஆசுபத்திரி. நிறுத்திய குறிப்பின் இடத்தில் அது போகட்டும். டிசம்பர் 26 அன்று வழமையான குறிப்பு எதுவும் வேண்டாம். கல்லடி, நாவலடி, மருதமுனைப் பக்கத்தில் அது எந்த நாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிழையொண்டு போயிட்டுது. அழிச்சா காணாதா?

காணாது. வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழிக்கும் வசதிக்கு இரண்டரை நாள் அளவில் எல்லை உண்டு. அதற்குள் அழித்தாலும் மற்றவர்கள் முன்னனுப்பிய பிரதிகள் அழியா. பழையதை அழித்துவிட்டு, அதே தலைப்பில், "திருத்தம்" என்று தொடங்கி, எது பிழை, எது சரி, பிழையானதைச் செய்தவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி போடுங்கள். "நாலு மணித்தியாலத்துக்கு இரண்டு குளிசை என்று வந்தது பிழை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறைதான். ஒரு நாளில் எட்டுக்கு மேல் எடுத்தவர்கள், சுகமாக இருந்தாலும் இன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள்." மூன்றாவது வரியை விடாதீர்கள். பரசிற்றமோல் கூடிப்போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது; ஈரலைக் காக்கும் மருந்து நன்றாக வேலை செய்வதும் அந்த முதல் மணித்தியாலங்களில்தான்.

போன வருசக் குறிப்பு நல்லா இருந்திச்சு. திகதியை மாத்திப் போடலாமா?

மறுபடி சரிபார்த்தால் போடலாம். எழுதுவதை விட நேரம் குறையும், ஆனால் பார்ப்பதை விடக் கூடாது. இதற்காக ஒரு கொப்பி வையுங்கள்: குறிப்பின் தலைப்பு, எழுதியவர், பார்த்தவர், பார்த்த திகதி, என்ன மாற்றியது, எதற்காக. கடைசிக் கட்டம்தான் அடுத்த வருடம் உதவும். "அஸ்பிரின்" என்பதை "அஸ்பிரின் வலிக் குளிசை" என்று ஏன் மாற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்து வரும் மிஸ் வசனத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது அந்தச் சொல்லைத்தான்.

குறிப்பைப் பார்த்திட்டு ராத்திரி பதினொரு மணிக்கு "எனக்கு மூணு நாளாக் காய்ச்சல், வயிறு நோகுது" எண்டு வட்ஸ்அப்பில எழுதினா என்ன செய்யிற?

அந்தப் போனை இரவில் யாரும் பார்க்கவில்லை என்றால், அது ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் தெரிய வேண்டும்: "இந்த இலக்கத்தில் மாலை 6 மணிக்குப் பிறகு பதில் இல்லை. ஆபத்து அடையாளம் இருந்தால் 1990." வட்ஸ்அப் பிசினஸில் இதையே தானியங்கிப் பதிலாகவும் வைக்கலாம். மூன்று நாள் காய்ச்சலும் வயிற்று வலியும் என்று எழுதியவர் பதிலுக்காகக் காலை வரை காத்திருப்பதைத் தடுக்கும் வரி அது. தானியங்கிப் பதிலையும் குறிப்பைப் போலவே டொக்டர் சரிபார்க்க வேண்டும். "உங்கள் செய்தி கிடைத்தது, விரைவில் தொடர்புகொள்கிறோம்" என்று ஒருபோதும் வைக்காதீர்கள். படித்தவர் அதை நம்பிக் காத்திருப்பார்.

குழுவாக வைக்காமல் ஒலிபரப்புப் பட்டியலாக வையுங்கள். குழுவில் ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியும். காசநோய்க்கு மருந்து எடுப்பவர் இந்தக் கிளினிக்குக்கு வருகிறார் என்று ஊர் அறியத் தேவையில்லை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே பதியும் மேசையிலேயே, சம்மதம் கேட்டு, அவர்கள் கண் முன்னால் இலக்கத்தைச் சேமிக்கச் செய்யுங்கள்.